பாஸ் போகும் வழி

முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கும் டே ஸ்காலர் நண்பர்களுக்கு. காலேஜ் பஸ்ஸுக்குப் பணம் கட்டலாமா, டவுன் பஸ்ஸிலேயே போயிடலாமா என்று இந்த வாரம் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். காலேஜ் பஸ் என்றால் வருஷத்துக்கு ஒரே தடவையில் பெரிய தொகை. டவுன் பஸ் என்றால் மாதாமாதம் சலுகை பாஸ், கொஞ்சம் காசு. "பாஸ் எடுத்துக்கலாம், பாதி விலைதானே" என்று யாராவது சொல்வார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

முடியக் கூடாது. அந்தப் பாஸ் எந்தெந்த பஸ்ஸில் செல்லும் என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. நான் மூன்று வருஷமாக சிங்காநல்லூரிலிருந்து ஒத்தக்கால்மண்டபம் பக்கம் இருக்கும் நம்ம காலேஜுக்கு பாஸில்தான் வந்துபோகிறேன். எந்த வழியில் போவது என்பதை மேப் பார்த்து முடிவு பண்ணவில்லை. பாஸைப் பார்த்து முடிவு பண்ணினேன். இரண்டும் வேறு வேறு விடை தரும். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன். உங்கள் ஊர், உங்கள் ஸ்டாப் வேறாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

முதலில், பாஸ் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கும், அரசு கலை அறிவியல் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசு ஐடிஐ மாணவர்களுக்கும் அரசு பஸ்ஸில் இலவசப் பாஸ் உண்டு. நம்மை மாதிரி தனியார் கல்லூரி மாணவர்களுக்கு 50 சதவீதச் சலுகை. இதில் "அரசு பஸ்ஸில்" என்ற வார்த்தையை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். சலுகை கொடுப்பது அரசுப் போக்குவரத்துக் கழகம். அதனால் அது அந்தக் கழகத்தின் வண்டியில்தான் செல்லும். சென்னையில் இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை, அங்கே மாநகர பஸ் எல்லாமே அரசு பஸ். ஆனால் கோவையில் ஒரே நம்பர் போர்டு மாட்டிக்கொண்டு, ஒரே ரூட்டில், ஒரே ஸ்டாப்பில் அரசு பஸ்ஸும் நிற்கும், தனியார் டவுன் பஸ்ஸும் நிற்கும்.

பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கூட்டத்தில் ஏறியபிறகு தெரிந்து பிரயோஜனமில்லை. அதனால் ஒரு சின்ன வழி: நம்பர் பிளேட்டைப் பாருங்க. அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளின் பதிவு எண்ணில் ஊர் நம்பருக்கு அப்புறம் 'என்' என்ற எழுத்து வரும். 'டிஎன் 38 என்' என்று ஆரம்பித்தால் அது அரசு வண்டி. தனியார் வண்டிக்கு வேறு எழுத்துகள் இருக்கும், முன்கண்ணாடிக்கு மேலே கம்பெனிப் பெயரும் பெரிதாக எழுதியிருக்கும். தூரத்தில் வரும்போதே கம்பெனிப் பெயர் தெரிந்துவிடும், பக்கத்தில் வந்ததும் பிளேட் உறுதி பண்ணிவிடும்.

அடுத்து, பாஸ் அட்டையைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்துப் பாருங்க. என் பாஸில் நான்கு விஷயம் இருக்கிறது. எங்கிருந்து எங்கே என்பது ஒன்று. எந்த வழியாக என்பது இரண்டு. எந்த வகை வண்டி என்பது மூன்று, என்னுடையதில் நகரப் பேருந்து. எந்தத் தேதி வரை என்பது நான்கு. இந்த நான்கும் ஒரே நேரத்தில் பொருந்தினால்தான் அது பாஸ். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் அது போட்டோ ஒட்டிய அட்டை.

மூன்றாவது விஷயம்தான் பொள்ளாச்சி ரோட்டில் படிப்பவர்களைப் பாதிக்கும். உக்கடத்திலிருந்து நம்ம காலேஜ் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு வகை வண்டி போகிறது. டவுன் பஸ் ஒன்று. பொள்ளாச்சி, அதற்கும் அப்பால் போகிற மொபசல் வண்டி இன்னொன்று. மொபசல் வேகமாகப் போகும், அடிக்கடி இருக்கும், அதிலும் நிறைய அரசு வண்டிதான். பிளேட்டில் 'என்' இருக்கும், வண்டி நம்ம ஸ்டாப்பில் நிற்கவும் செய்யும். ஆனால் என் பாஸில் எழுதியிருப்பது நகரப் பேருந்து. கவுன்டரில் முதல் நாளே இதைக் கேட்டுக்கொண்டேன். உள்ளே இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, பஸ் நம்மளுதுதானுங்க, ஆனா சர்வீஸ் வேறீங்க. டவுன்னு போட்டிருந்தா டவுன்ல போங்க." அந்த ஒரு வரி எனக்கு மூன்று வருஷம் உதவியிருக்கிறது.

இப்போது வழிக்கு வருவோம். சிங்காநல்லூரிலிருந்து நம்ம காலேஜுக்கு மேப் இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று, திருச்சி ரோட்டில் ராமநாதபுரம், சுங்கம் தாண்டி உக்கடம் போய், அங்கே பஸ் மாறி ஆத்துப்பாலம், குறிச்சி, சுந்தராபுரம், ஈச்சனாரி, மலுமிச்சம்பட்டி என்று பொள்ளாச்சி ரோட்டில் தெற்கே வருவது. இன்னொன்று, சிங்காநல்லூரிலிருந்து நேராகத் தெற்கே வெள்ளலூர், போத்தனூர் வழியாக சுந்தராபுரத்தில் பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்து, அங்கே மாறுவது. பேப்பரில் வரைந்து பார்த்தால் முதல் வழி ஊருக்குள் மேற்கே போய்விட்டுத் திரும்புகிற வழி. இரண்டாவது வழி குறுக்கு வழி. மேப்பைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்லும், கிலோமீட்டர் கணிசமாகக் குறைவு. பைக் வைத்திருந்தால் நானும் அதில்தான் வருவேன்.

ஆனால் மேப்புக்கு என் பாஸைப் பற்றி எதுவும் தெரியாது. அது எல்லா பஸ்ஸையும் ஒரே பஸ்ஸாக எண்ணும். அதனால் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்தேன். மூன்று காலை, மூன்று இடம்: சிங்காநல்லூர், சுந்தராபுரம், உக்கடம். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் போல நின்று, வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு வரி எழுதினேன். மணி, எங்கே போகிறது, அரசா தனியாரா, டவுனா மொபசலா. அவ்வளவுதான். டீக்கடைக்காரர் மட்டும் இரண்டு தடவை "செக்கிங்குங்களா?" என்று கேட்டார்.

உக்கடத்தில் காலை 7.45 முதல் 8.45 வரை பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் 20 பஸ் கிளம்பின. சராசரியாக மூன்று நிமிஷத்துக்கு ஒன்று. ஆஹா, இவ்வளவு பஸ்ஸா என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால், மொபசல் 9. அரசு, தனியார் இரண்டும் கலந்து. மீதி 11 டவுன் பஸ். அதில் தனியார் 6. ஆக, நகரப் பேருந்து, அரசு வண்டி, என் ஸ்டாப் வழி என்று மூன்றும் பொருந்தியவை 5. இருபதில் ஐந்து.

ஐந்து என்றால் மணிக்கு ஐந்து, பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று, பரவாயில்லையே என்று நினைப்பீர்கள். சராசரியை இங்கே நம்பாதீங்க. அந்த ஐந்தும் வந்த மணி இது: 7.52, 8.01, 8.04, 8.29, 8.41. இரண்டு வண்டி மூன்று நிமிஷ இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் 25 நிமிஷம் எதுவும் இல்லை. காரணம் சாதாரணமானது. முன்னால் போகிற வண்டி எல்லா ஸ்டாப்பிலும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தாமதமாகும். பின்னால் வருகிறவன் காலி ஸ்டாப்களைக் கடந்து அதைப் பிடித்துவிடுவான். அதனால் கூட்ட நேரத்தில் பஸ்கள் ஜோடி ஜோடியாக வரும். ஜோடிக்குப் பின்னால் ஓட்டை விழும். நாம் திட்டம் போட வேண்டியது சராசரியை வைத்து அல்ல, அந்த ஓட்டையை வைத்து.

நமக்கு முதல் வகுப்பு 9.15. உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காலேஜ் ஸ்டாப் 45 நிமிஷம். ஸ்டாப்பிலிருந்து நம்ம பிளாக் வரை நடந்து, மாடி ஏற 10 நிமிஷம். பின்னோக்கிக் கழித்தால் 8.20-க்குள் உக்கடத்தில் பஸ் கிளம்பியிருக்க வேண்டும். மேலே இருக்கும் ஐந்து மணியைப் பாருங்க. 8.20-க்கு முந்தைய வண்டி 8.04. அதை விட்டால் 8.29, வகுப்பு வாசலில் 9.24. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும் என்ற கணக்கில், முதல் ஹவர் ஆப்சென்ட் ஒவ்வொன்றும் காய்ச்சலுக்கென்று சேர்த்துவைக்க வேண்டிய நாளைத் தின்றுவிடும். ஆக, 20 பஸ் போகிற ரோட்டில் எனக்கு நிஜமாகப் பயன்படுவது மூன்றே வண்டி. 7.52, 8.01, 8.04.

இப்போது சிங்காநல்லூர் பக்கம். அங்கிருந்து உக்கடம் காலையில் 35 நிமிஷம் ஆகும். 8.01 அல்லது 8.04 வண்டியைப் பிடிக்க 7.58-க்காவது உக்கடம் போய்ச் சேர வேண்டும். அப்படியென்றால் 7.23-க்குள் சிங்காநல்லூரில் ஏறிவிட வேண்டும். என் நோட்டில் அங்கே பாஸ் செல்லும் உக்கடம் பஸ்கள் 7.06, 7.14, 7.19, 7.33. நான் குறிவைப்பது 7.14. அது கூட்டமாக வந்தாலோ நிற்காமல் போனாலோ 7.19 இருக்கிறது. வீட்டை விட்டு 7.05. இதுதான் என் காலை.

இனி அந்தக் குறுக்கு வழியைப் பாருங்க. வெள்ளலூர் வழியாகச் சுந்தராபுரம் போகும் பஸ்ஸில் நான் நின்ற நேரத்தில் எனக்குப் பாஸ் செல்லும் வண்டி இரண்டு. 7.10-க்கு ஒன்று, 7.50-க்கு ஒன்று. 7.10 வண்டியில் ஏறினால் 40 நிமிஷத்தில், 7.50-க்கு, சுந்தராபுரம். அங்கே எதற்குக் காத்திருக்க வேண்டும்? உக்கடத்தில் 7.52-க்குக் கிளம்பி வரும் அதே டவுன் பஸ்ஸுக்கு. அது சுந்தராபுரம் வர 8.10 ஆகிவிடும். இருபது நிமிஷம் நின்று, உக்கடத்திலேயே உட்கார இடம் பிடித்தவர்களைப் பார்த்துக்கொண்டே படியில் தொங்கி வர வேண்டும். 7.10-ஐ விட்டுவிட்டால் 7.50 வண்டி, சுந்தராபுரம் 8.30. 8.04 வண்டி அதற்குள் போயிருக்கும். மிஞ்சுவது 8.29 வண்டி, 9.24.

இதை நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் எனக்குத் தெளிவானது. இரண்டு வழியும் கடைசியில் அதே ஐந்து பஸ்ஸில்தான் வந்து சேர்கிறது. குறுக்கு வழியில் கிலோமீட்டர் குறைகிறது, பஸ் குறைவதில்லையா? அதுவும் குறைகிறது. சுற்று வழியில் ஒரு வண்டி தவறினால் ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. குறுக்கு வழியில் தவறினால் நாற்பது நிமிஷம். தூரம் குறைவான வழியில் தப்பிக்கிற இடம் இல்லை. அதனால் என் படிவத்தில் "வழி" என்ற இடத்தில் உக்கடம் என்று எழுதினேன்.

அந்த "வழி" என்ற ஒரு இடம் எவ்வளவு முக்கியம் என்று பாருங்க. படிவத்தை நிரப்புவது நாம்தான். காலேஜ் ஆபீஸில் போனஃபைடு மாதிரி கையெழுத்தும் சீலும் வாங்குகிறோம், போட்டோ ஒட்டுகிறோம், கவுன்டரில் கொடுக்கிறோம். அங்கே நாம் எழுதியதை வைத்துத்தான் பாஸ் போடுகிறார்கள். நிறையப் பேர் வரிசையில் நின்றுகொண்டே, பக்கத்தில் இருப்பவன் என்ன எழுதினான் என்று பார்த்து எழுதுகிறார்கள். பின்னால் வழியை மாற்ற வேண்டும் என்றால் புதுப் படிவம், மறுபடி கையெழுத்து, மறுபடி வரிசை. அதனால் படிவத்தில் பெயர், ரோல் நம்பர் எல்லாம் முதலில் எழுதுங்க. "வழி" கடைசியில், நோட்டைப் பார்த்து எழுதுங்க.

சுங்கம் பக்கம் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சிங்காநல்லூரிலிருந்து சுங்கம் வந்தபிறகு உக்கடத்துக்கு இரண்டு விதமாகப் போகலாம். வாலாங்குளம் ஓரமாக பைபாஸில் நேராகப் போவது ஒன்று. அரசு மருத்துவமனை, ரயில் நிலையம், டவுன்ஹால் என்று ஊருக்குள் போவது இன்னொன்று. நான் மாறும் இடம் உக்கடம் என்பதால் இரண்டும் எனக்கு ஒன்றுதானே என்று நினைக்கத் தோன்றும். கவுன்டரில் இதையும் கேளுங்க. "வழி உக்கடம்னு போட்டா ரெண்டு பக்கமும் ஏறலாமுங்களா, இல்ல டவுன்ஹால்னு தனியா போடணுமுங்களா?" ஒரு நிமிஷக் கேள்வி. இதற்குக் கிடைக்கிற பதிலைப் பொறுத்து உங்களுக்கு மணிக்கு ஆறு பஸ்ஸா, மூன்று பஸ்ஸா என்பது மாறும்.

என் கிளாஸ்மேட் ஒருத்தி அதே சிங்காநல்லூர் ஸ்டாப்பில்தான் ஏறுகிறாள். அவள் பாஸே எடுக்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அவளுக்கு இரண்டு பஸ்ஸும் இலவசம். இதைச் சொன்னால் பசங்க பெருமூச்சு விடுவார்கள். நான் சொல்ல வருவது அது இல்லை. அவளுடைய சலுகையும் என்னுடைய சலுகையும் வேறு வேறு மாதிரிக் கட்டப்பட்டிருக்கின்றன. அவளுடையது வண்டியின் வகையோடு கட்டியது. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸா, எந்த ரூட்டாக இருந்தாலும் ஏறலாம். என்னுடையது வகையோடு மட்டுமல்ல, வழியோடும் கட்டியது. ஒரு நாள் சாயந்திரம் பிராஜெக்ட் சாமான் வாங்க இரண்டு பேரும் காந்திபுரம் போனோம். காந்திபுரத்திலிருந்து வீட்டுக்கு அவள் காசில்லாமல் போனாள், நான் டிக்கெட் எடுத்தேன். என் பாஸில் காந்திபுரம் இல்லை.

அதனால் பெண்கள் இந்தக் கட்டுரையை "நமக்கு இது வேண்டாம்" என்று விட்டுவிடாதீங்க. உங்களுக்கும் அந்த இருபதில் ஐந்துதான். தனியாரில் இலவசம் இல்லை, மொபசலில் இல்லை, சொகுசுப் பேருந்து என்று எழுதியதில் இல்லை. 8.04-ஐ விட்டால் உங்களுக்கும் 9.24தான். ஒரே வித்தியாசம், வழியை நீங்கள் தினமும் மாற்றிக்கொள்ளலாம். நோட்டு போட்டு எண்ணுகிற வேலை உங்களுக்கும் உண்டு, படிவம் மட்டும் இல்லை.

இனி காசு. இங்கே நான் கொடுக்கும் எண்கள் கணக்குப் புரிவதற்காக. உங்கள் ஸ்டாப்புக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்க. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு வழிக்கு 30 ரூபாய், போக வர 60 என்று வைத்துக்கொள்வோம். மாதப் பாஸ் 700 என்று வைத்துக்கொள்வோம். 700-ஐ 60-ஆல் வகுத்தால் பதினொன்றுக்கு மேல், பன்னிரண்டுக்குள் வரும். அதாவது அந்த மாதம் பன்னிரண்டு நாளாவது காலேஜ் போனால்தான் பாஸ் லாபம். 22 நாள் வகுப்பு நடக்கிற மாதத்தில் டிக்கெட்டாக 1,320 ஆகியிருக்கும், பாஸில் 620 மிச்சம். ஆனால் செமஸ்டர் கடைசி மாதத்தைப் பாருங்க. ஸ்டடி லீவ், இடைவெளி விட்டு வரும் பரீட்சை எல்லாம் சேர்த்து ஒன்பது நாள்தான் காலேஜ் என்றால் டிக்கெட் 540. அந்த மாதம் பாஸ் எடுப்பது 160 ரூபாய் நஷ்டம். பழக்கத்தில் எல்லா மாதமும் எடுத்துவிடாமல், டைம்டேபிள் வந்ததும் நாளை எண்ணிப் பாருங்க.

அந்த 620 ரூபாய் மிச்சத்தில் இன்னொரு உபயோகம் இருக்கிறது. 8.04-ஐத் தவறவிட்ட நாளில் நான் 8.29-க்காக நிற்பதில்லை. பொள்ளாச்சி மொபசல் வந்தால் ஏறி டிக்கெட் எடுத்துவிடுவேன். அது டவுன் பஸ்ஸைவிடப் பத்து நிமிஷம் சீக்கிரம் போகும், 8.15-க்கு ஏறினாலும் 8.50-க்கு ஸ்டாப். அந்த டிக்கெட் 20 ரூபாய் என்றால், மாதத்தில் ஐந்து தடவை எடுத்தாலும் 100 ரூபாய். மிச்சத்தில் இன்னும் 520 இருக்கிறது. பாஸ் கையில் இருக்கிறதே என்று அதற்குக் கட்டுப்பட்டு முதல் ஹவரை விடத் தேவையில்லை. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாளும் மொபசலில் போகிற நிலைமை வந்தால் கணக்கு கவிழும். போக வர தினமும் 40 ரூபாய், 22 நாளுக்கு 880. மிச்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது இரண்டாவது பஸ்ஸுக்குப் பாஸ் வேண்டாம், முதல் பஸ்ஸுக்கு மட்டும் எடுத்தால் போதுமா என்று யோசிக்க வேண்டும்.

மொபசலில் ஏறும்போது ஒன்று கவனிங்க. எல்லா மொபசலும் நம்ம ஸ்டாப்பில் நிற்காது. முன்கண்ணாடியில் பாயிண்ட் டு பாயிண்ட் என்று அட்டை இருந்தால் அது உக்கடம் விட்டால் பொள்ளாச்சிதான். கண்டக்டரிடம் ஏறுவதற்கு முன்னாலேயே கேளுங்க. ஏறியபிறகு கேட்டால், "மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா" என்று அவரும் வருத்தப்படுவார், நீங்களும் கிணத்துக்கடவைப் பார்த்துக்கொண்டே போவீர்கள்.

கடைசியாக, ஒரு தடவை எண்ணினால் நான்கு வருஷத்துக்கும் போதும் என்று நினைக்காதீங்க. 2024 ஆகஸ்டில் உக்கடம் மேம்பாலம் திறந்தார்கள். உக்கடத்துக்கும் ஆத்துப்பாலத்துக்கும் இடையில் மேலே ஏறிப் போகிற வண்டி நடுவில் கரும்புக்கடையில் நிற்க முடியாது. அங்கிருந்து ஏறுகிறவனுக்கு பாஸில் எழுதியது மாறவில்லை, வழி மாறவில்லை, நம்பரும் மாறவில்லை. ஆனால் அவன் கணக்கில் வைத்திருந்த வண்டி அவன் தலைக்கு மேலே போய்விடும். பாலம், ஒருவழிப் பாதை, பஸ் ஸ்டாண்ட் வேலை என்று எது வந்தாலும் ஒரு காலை நோட்டோடு நின்றுவிடுங்க. நான் ஒவ்வொரு செமஸ்டரும் முதல் வாரத்தில் ஒரு நாள் நிற்கிறேன்.

சாயந்திரத்தையும் அப்படியே எண்ணிவிடுங்க. 4.30-க்கு விடும்போது இருக்கிற பஸ் வேறு, லேப் முடிந்து 6.30-க்கு இருக்கிற பஸ் வேறு. அந்த நேரத்தில் பாஸ் செல்லும் வண்டி அரை மணிக்கு ஒன்றாகிவிட்டால், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாம் ஆண்டில் பிளேஸ்மென்ட் டிரெயினிங் வைக்கும்போது தினமும் 6.30 ஆகிவிடும்.

படிவம் அடுத்த வாரத்திலிருந்து காலேஜ் ஆபீஸில் கிடைக்கும். வாங்கி வைத்துக்கொள்ளுங்க. அதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும், இரண்டு மூன்று காலையும். சிங்காநல்லூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என் நோட்டைக் கேட்டால் தருகிறேன், கடைசி வருஷம் ஈசிஈ, பி செக்‌ஷனில் வந்து கேளுங்க. ஆனால் அதில் இருப்பது போன செமஸ்டரின் மணி. 7.14 இப்போதும் 7.14-க்குத்தான் வருகிறதா என்று நீங்களே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு எழுதுங்க.